வெளியான டிராயிங்கில் ரிவிஷன் எழுத்து, மேகக் கோடு, மாற்றக் குறிப்பு: ஒரு பேரிங் ஹவுசிங்கை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: நான் ஒரு டிசைன் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏற்கெனவே ரிலீஸ் ஆன டிராயிங்கில் ஒரு டாலரன்ஸை மாற்றி அடுத்த ரிவிஷன் போடச் சொன்னார்கள். அளவை மாற்றிவிட்டேன். எழுத்தை மாற்று, கிளவுட் போடு, டேபிளில் குறிப்பு எழுது என்கிறார்கள். மூன்றும் ஒரே விஷயத்தைத்தானே சொல்கின்றன, ஏன் மூன்று? எதை எங்கே, எப்படிப் போட வேண்டும்?

பதில்:

மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. கையில் இருப்பது எந்தத் தாள் என்பதை எழுத்து சொல்கிறது. அந்தத் தாளில் எந்த இடம் மாறியிருக்கிறது என்பதை மேகக் கோடு காட்டுகிறது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதை மாற்றக் குறிப்பு பதிவு செய்கிறது. டிராயிங் உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் இவற்றில் எதுவும் தேவையில்லை. ரிலீஸ் ஆன டிராயிங் அப்படி இல்லை. அதன் பிரதிகள் பர்சேஸிடம், மெஷினிங் செய்து தரும் சப்ளையரிடம், இன்ஸ்பெக்‌ஷன் மேசையில், சில சமயம் மெஷினின் மேல் ஒட்டப்பட்டும் இருக்கும். அவர்கள் எல்லோரும் பழைய தாளைப் பழகியவர்கள். புதிய தாளை முதலிலிருந்து கடைசி வரை யாரும் மறுபடி படிக்கப் போவதில்லை என்ற எண்ணத்தோடுதான் இந்த மூன்று அடையாளங்களையும் போட வேண்டும்.

உங்கள் கேள்வியும் ஒரு டாலரன்ஸ் மாற்றம் பற்றியது என்பதால், அதே வகையில் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை கொண்டு செல்கிறேன். 6206 பேரிங் உட்காரும் ஒரு வார்ப்பிரும்பு ஹவுசிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பேரிங்கின் வெளிவிட்டம் 62 மி.மீ. டிராயிங் இப்போது REV B. பேரிங் உட்காரும் துளைக்கு Ø62 H7 என்று கொடுக்கப்பட்டிருக்கிறது, அதாவது 62.000 முதல் 62.030 வரை. ஓட்டத்தில் பேரிங்கின் வெளிவளையம் ஹவுசிங்குக்குள் மெல்லச் சுற்றி, துளையைத் தேய்ப்பதாகப் புகார் வருகிறது. வெளிவளையம் 0.013 வரை சிறியதாக வரலாம் என்பதால், H7 துளையில் அதிகபட்ச இடைவெளி 0.043 வரை போய்விடுகிறது. அதனால் டிசைன் எஞ்சினியர் துளையை Ø62 J7 ஆக்கச் சொல்கிறார். J7 என்றால் 61.988 முதல் 62.018 வரை, பட்டையின் அகலம் அதே 0.030 தான், இடம் மட்டும் 0.012 கீழே இறங்கியிருக்கிறது. வடிவம் துளியும் மாறவில்லை. காகிதத்தில் மாறுவது ஒரே ஓர் எழுத்து: H இருந்த இடத்தில் J. இவ்வளவு சிறிய மாற்றம்தான் கண்ணில் படாமல் போவதற்கு மிகவும் வாய்ப்புள்ளது.

கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். இது ரிவிஷன் எழுத்து மாற வேண்டிய மாற்றமா, அல்லது பார்ட் நம்பரே மாற வேண்டிய மாற்றமா? பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தி அதே வேலையைச் செய்யுமானால், நம்பரை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றலாம். பொருந்தாது என்றால் புதிய நம்பர் வேண்டும். ஏனெனில் ஸ்டோர்ஸில் பொருள்கள் நம்பரைப் பார்த்துத்தான் ஒரே தொட்டியில் சேர்க்கப்படுகின்றன, எழுத்தைப் பார்த்து அல்ல. நம் உதாரணத்தில் அதே 6206 இரண்டிலும் உட்காரும், போல்ட் துளைகளும் வெளி அளவுகளும் அப்படியே இருக்கின்றன, ஆகவே எழுத்து போதும். இதே புகாருக்கு எஞ்சினியர் 6306 பேரிங்குக்கு மாறலாம் என்று முடிவு செய்திருந்தால், தண்டு அதே 30 மி.மீ. ஆனாலும் வெளிவிட்டம் 72 ஆகிவிடும். அப்போது REV C என்று போடுவது தவறு. இந்த முடிவை எடுப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் மாற்றத்தை அனுமதிக்கும் தாளில், அதாவது பெரும்பாலான ஆபீஸ்களில் இ.சி.என். என்று அழைக்கப்படும் மாற்ற அறிவிப்பில், அந்த முடிவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அந்தத் தாள் கைக்கு வராமல் வாய்ச்சொல்லை நம்பி ரிலீஸ் ஆன டிராயிங்கைத் தொடாதீர்கள்.

இப்போது எழுத்து. அமெரிக்க வழக்கத்துக்கு அடிப்படையான ஏ.எஸ்.எம்.இ. Y14.35 தரத்தில் முதல் வெளியீட்டுக்கு ஒரு சிறு கோடு, முதல் திருத்தத்துக்கு A, அடுத்து B என்று போகும். I, O, Q, S, X, Z ஆகிய ஆறு எழுத்துகளும் விடப்படும். அவற்றில் சில மங்கிய பிரதியில் எண்களாகத் தோன்றும் என்பது நீங்களே ஊகிக்கக்கூடியது. Y முடிந்தால் AA. பல ஆபீஸ்கள் முதல் வெளியீட்டையே A என்கின்றன. சில ஆபீஸ்கள் ரிலீஸுக்கு முந்தைய வரைவுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, ரிலீஸ் ஆன பின் எழுத்துக்கு மாறுகின்றன. எது சரி என்று வாதாட வேண்டியதில்லை, உங்கள் ஆபீஸின் முறையைப் பின்பற்றுங்கள். எல்லா முறைகளுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: ஓர் எழுத்து என்பது ஒரு வெளியீடு, ஒரு மாற்றம் அல்ல. ஒரே இ.சி.என்.னில் ஐந்து இடங்கள் மாறினாலும் ஐந்துக்கும் சேர்த்து ஒரே C.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. REV C வெளியே போய்விட்டது. மறுநாள் அதில் ஒரு பிழை தெரிகிறது. யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து அதே C என்ற எழுத்திலேயே கோப்பைத் திருத்தி மாற்றி வைப்பதைப் போல ஆபத்தான வேலை இந்தத் தொழிலில் வேறு இல்லை. அதற்குப் பின் இரண்டு வெவ்வேறு C தாள்கள் உலவும். சப்ளையர் ஒன்றைப் பார்த்துச் செய்வார், இன்ஸ்பெக்டர் இன்னொன்றைப் பார்த்து நிராகரிப்பார், இருவரும் தாங்கள் REV C படிதான் நடந்தோம் என்று உண்மையாகவே சொல்வார்கள். வெளியே போனது ஒரு மணி நேரமே ஆகியிருந்தாலும் அடுத்தது D தான்.

எழுத்து தாளில் எங்கெல்லாம் வருகிறது என்று ஒருமுறை கணக்கெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டைட்டில் பிளாக்கில் இருக்கும், ரிவிஷன் டேபிளின் புதிய வரியில் இருக்கும், மேகக் கோட்டின் அருகே உள்ள முக்கோணத்தில் இருக்கும், கோப்பின் பெயரிலும் பெரும்பாலும் இருக்கும். சிலர் டைட்டில் பிளாக்கில் C என்று மாற்றிவிட்டு, பிடிஎஃப் கோப்பின் பெயரை B என்றே விட்டுவிடுவார்கள். பல தாள்கள் கொண்ட டிராயிங்கில், மாறாத தாளுக்கும் எழுத்தை உயர்த்துவதா என்பது ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும். எல்லாத் தாள்களையும் ஒன்றாக உயர்த்தும் முறையும் உண்டு, முதல் தாளில் ஒவ்வொரு தாளின் நிலையையும் காட்டும் பட்டியலை வைக்கும் முறையும் உண்டு.

அடுத்து மேகக் கோடு. ஆட்டோகேடில் REVCLOUD என்ற கட்டளையில் வரைவதுதான். வரைவது எளிது, எங்கே வரைவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நம் டிராயிங்கில் வெட்டுத் தோற்றத்தில், D4 கட்டத்தில், Ø62 H7 என்ற அளவு இருக்கிறது. அதை J7 ஆக்கி, அதைச் சுற்றி மேகம் போட்டுவிட்டீர்கள். வேலை முடிந்துவிட்டதா? இல்லை. வலது ஓரத்தில் F10 கட்டத்தில் ஓர் எல்லை அட்டவணை இருக்கிறது. அதில் 62 H7 என்பதற்கு நேராக +0.030, 0 என்று எழுதியிருக்கிறது. அது +0.018, −0.012 என்று மாற வேண்டும். பொதுக் குறிப்புகளில் மூன்றாவது குறிப்பு, பேரிங் துளையை 62 H7 பிளக் கேஜால் சரிபார்க்கச் சொல்கிறது. அதுவும் மாற வேண்டும். ஆக ஒரே மாற்றம் மூன்று இடங்களில் இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று மேகம், ஒவ்வொன்றின் அருகிலும் C என்ற முக்கோணம். அட்டவணையை மறந்துவிட்டால் தாள் தன்னோடு தானே முரண்படும். துளையின் மேல் J7, அட்டவணையில் H7. மெஷினில் நிற்பவர் J7 என்ற குறியை மனத்தில் எண்ணாக மாற்றிக்கொண்டிருக்க மாட்டார், அட்டவணையில் உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்.

இடங்களைத் தேட FIND கட்டளையைப் பயன்படுத்தலாம், ஆனால் தேடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதே ஹவுசிங்கில் இரண்டு டவல் பின் துளைகள் Ø8 H7 என்று இருக்கின்றன. H7 என்று தேடி எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் J7 ஆக்கினால், அந்த டவல் துளைகளும் மாறிவிடும். அவற்றைச் சுற்றி மேகம் இருக்காது, டேபிளில் குறிப்பு இருக்காது. சரிபார்ப்பவர் மேகங்களை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால், டவல் பின் இறங்காத ஹவுசிங் வந்து சேரும்போதுதான் தெரியும்.

மேகத்தின் வடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். மாறிய அளவையோ வரியையோ நெருக்கமாகச் சுற்றி வர வேண்டும், ஆனால் கோடு எழுத்தின் மேல் ஏறக்கூடாது. மொத்தத் தோற்றத்தையும் ஒரு பெரிய மேகத்துக்குள் அடைப்பது சோம்பேறித்தனம். இதற்குள் எங்கேயோ ஏதோ மாறியிருக்கிறது, நீயே தேடிக்கொள் என்று படிப்பவரிடம் சொல்வதற்குச் சமம். வளைவுகளின் நீளத்தை, அச்சிடும் அளவில் மேகமாகத் தெரியும்படி வையுங்கள். திரையில் அழகாக இருந்து, ஏ3 தாளில் சுருக்கி அச்சிட்டால் தடித்த கோடாக மாறிவிடும் மேகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வரி முழுமையாக நீக்கப்பட்டிருந்தால், அது இருந்த வெற்றிடத்தைச் சுற்றியும் மேகம் போட வேண்டும். இது பலருக்கு விசித்திரமாகப் படும். ஆனால் இல்லாமல் போனதைக் கண் தேடாது என்பதால், நீக்கத்துக்குத்தான் மேகம் அதிகம் தேவை. பொதுக் குறிப்பு ஒன்றை நீக்கினால் அதன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, குறிப்பு இருந்த இடத்தில் DELETED என்று எழுதுவது நல்லது. மற்றக் குறிப்புகளின் எண்கள் நகர்ந்தால், டிராயிங்கிலும் வெளியிலும் அந்த எண்களைக் குறிப்பிடும் இடங்கள் எல்லாம் தவறிவிடும். டைட்டில் பிளாக்கில் எழுத்து மாறியதற்கோ, டேபிளில் வரி கூடியதற்கோ மேகம் வேண்டாம்.

REV B-யில் போட்ட மேகங்களை என்ன செய்வது? நீக்க வேண்டும். தாளில் தெரியும் மேகம் எல்லாம் இப்போதைய வெளியீட்டில் மாறியவை என்று மட்டுமே பொருள்பட வேண்டும். B-யின் மேகம் C-யிலும் நின்றால், படிப்பவர் பழைய மாற்றத்தைப் புதியது என்று எண்ணி நேரத்தைச் செலவிடுவார், அல்லது அதைவிட மோசமாக, மேகங்களை நம்புவதையே விட்டுவிடுவார். B என்ற முக்கோணங்களை மட்டும் விட்டுவைப்பது சில ஆபீஸ்களின் வழக்கம், அவற்றையும் எடுத்துவிடுவது வேறு சில ஆபீஸ்களின் வழக்கம். எனக்கு விட்டுவைப்பது பிடிக்கும், ஆனால் ஏழெட்டு ரிவிஷன் கண்ட தாளில் முக்கோணங்கள் அளவுகளை மறைக்கத் தொடங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீக்குவதற்கு எளிதாக, ஒவ்வொரு ரிவிஷனின் மேகங்களையும் தனி லேயரில் வரையுங்கள். இயந்திர உதிரிபாகங்களின் டிராயிங்கில் மேகமே போடாமல் எழுத்துக் குறியோடு நிறுத்தும் ஆபீஸ்களும் உண்டு. கட்டட, பைப்பிங் டிராயிங்குகளில் மேகம் இல்லாத திருத்தத்தைக் காண்பது அரிது.

மாற்றக் குறிப்புதான் மூன்றிலும் நீண்ட நாள் நிற்பது. அடுத்த வெளியீட்டில் மேகம் போய்விடும், டேபிளின் வரி இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பழைய ஹவுசிங் ஒன்று பழுதுக்கு வரும்போது, அது எந்த அளவில் செய்யப்பட்டது என்று அறிய இந்த வரியைத்தான் படிப்பார்கள். அதனால் “டாலரன்ஸ் மாற்றப்பட்டது” என்று எழுதுவதும், “இ.சி.என். படி திருத்தப்பட்டது” என்று எழுதுவதும் வெற்று வரிகள். எந்தக் கட்டத்தில், எது, எதுவாக இருந்தது என்ற மூன்றும் வேண்டும். தாளில் இப்படி வரும்:

```
REV  ZONE  DESCRIPTION                        ECN
C    D4    Ø62 J7 WAS Ø62 H7                  0318
     F10   +0.018/-0.012 WAS +0.030/0         0318
     G10   NOTE 3: GAUGE 62 J7 WAS 62 H7      0318
```

இதற்குப் பின் தேதியும் ஒப்புதல் கையெழுத்தும் வரும். புதியது முதலில், பழையது WAS என்ற சொல்லுக்குப் பின். இந்த வரிசையை ஒரு வரியில் ஒருவிதமாகவும் அடுத்த வரியில் வேறுவிதமாகவும் எழுதாதீர்கள். பேரிங்கின் வளையம் சுற்றியது, புகார் வந்தது போன்ற காரணங்கள் டிராயிங்கில் வேண்டாம். டிராயிங் சப்ளையரிடம் போகும் தாள்; காரணத்தைத் தாங்க வேண்டியது இ.சி.என். அதன் எண் டேபிளில் இருந்தால், தேவைப்படுபவர் போய்ப் பார்த்துக்கொள்வார். மேகங்களையும் டேபிள் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். மேகம் உண்டு, வரி இல்லை என்றாலோ, வரி உண்டு, மேகம் இல்லை என்றாலோ ஏதோ விடுபட்டிருக்கிறது.

கையிருப்பு என்ன ஆகும் என்பதையும் இ.சி.என். சொல்ல வேண்டும், அது டிராயிங்கில் வராது. ஆனாலும் நீங்கள் அதைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் J7 என்ற ஓர் எழுத்தின் விளைவு அங்கேதான் தெரியும். ஸ்டோர்ஸில் REV B ஹவுசிங்குகள் இருக்கின்றன. அவற்றின் துளைகள் 62.000 முதல் 62.030 வரை எங்கேயும் இருக்கலாம். புதிய எல்லை 61.988 முதல் 62.018 வரை. இரண்டு பட்டைகளும் 62.000-க்கும் 62.018-க்கும் இடையில் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே இருப்பை எல்லாம் கழிக்க வேண்டியதில்லை; போர் கேஜால் ஒவ்வொன்றாக அளந்து 62.018-க்கு உட்பட்டவற்றை REV C-க்குத் தகுதியானவை என்று ஏற்கலாம். அதற்கு மேல் உள்ளவற்றுக்கு ஸ்லீவ் போடுவதா, கழிப்பதா, விலக்கு அனுமதி பெற்றுப் பயன்படுத்துவதா என்பது எஞ்சினியரின் முடிவு. சப்ளையரிடம் பாதி வேலையில் இருப்பவற்றில், துளை கடைசி வெட்டுக்கு வராதவை என்றால் நேராகப் புதிய அளவுக்குப் போகலாம். ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரில் REV B என்று எழுதியிருக்கும்வரை அவர் B படி செய்து கொடுப்பதுதான் முறை. ஆர்டரைத் திருத்தாமல் புதிய டிராயிங்கை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ஏன் C படி வரவில்லை என்று கேட்க முடியாது.

மூன்றாவது குறிப்புக்கு மேகம் போடச் சொன்னதன் காரணமும் இங்கே விளங்கும். H7 பிளக் கேஜின் கோ முனை 62.000-ஐயும், நோ-கோ முனை 62.030-ஐயும் சரிபார்ப்பது. இன்ஸ்பெக்‌ஷனில் கேஜை மாற்றாமல் விட்டால், 61.992 என்று நன்றாக வந்த REV C துளைக்குள் பழைய கோ முனை இறங்காது, நல்ல பொருள் திரும்பிப் போகும். அதே கேஜ் 62.025 என்று வந்த தவறான துளையை ஏற்றுக்கொள்ளும். புதிய கேஜ் வாங்க நாள் ஆகும் என்றால் இ.சி.என்.னில் அதுவரை போர் கேஜால் அளக்கச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

சரிபார்க்கக் கொடுப்பதற்கு முன் நீங்களே செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. ரிலீஸ் ஆன REV B கோப்பையும் உங்கள் REV C கோப்பையும் ஆட்டோகேடின் COMPARE கட்டளையில் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். வேறுபாடுகள் நிறம் மாறித் தெரியும். ஆட்டோகேட் தானே அவற்றைச் சுற்றி மேகமும் காட்டும். அந்த மேகங்களை டிராயிங்கின் மேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவை ஒப்பீட்டுக்கு மட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே: அங்கே தெரியும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் உங்கள் மேகமும் டேபிளில் ஒரு வரியும் இருக்கிறதா? புதியவர்களின் கோப்பில் இங்கே பெரும்பாலும் வெளிப்படுவது, கண்ணில் பட்டதால் போகிற போக்கில் திருத்திய சில்லறை வேலைகள். எழுத்துப்பிழை ஒன்று, சற்று நகர்த்திய அளவுக்கோடு ஒன்று, தெளிவாக இருக்கட்டும் என்று சேர்த்த சென்டர் லைன் ஒன்று. அளவுக்கோட்டை நகர்த்தியதற்குக் குறிப்பு வேண்டாம் என்று பெரும்பாலான ஆபீஸ்கள் ஒப்புக்கொள்ளும். மற்றவற்றை இ.சி.என்.னில் சேர்த்து டேபிளிலும் எழுதுங்கள், இல்லையென்றால் பழையபடி மாற்றிவிடுங்கள். B கோப்பைத் தேடும்போது, ரிலீஸ் ஃபோல்டரில் உள்ள பூட்டிய பிரதியையே எடுங்கள், உங்கள் கணினியில் கிடக்கும் பிரதியை எடுக்காதீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர் அதைத் தொட்டிருக்கலாம்.

REV C வெளியான பிறகு REV B-யின் அச்சுப் பிரதிகளைத் திரும்பப் பெறுவது டாக்குமெண்ட் கன்ட்ரோலின் பொறுப்பு. விநியோகப் பட்டியலில் உள்ள பிரதிகள் திரும்ப வந்துவிடும். பட்டியலில் இல்லாதது, யாரோ கேட்டார்கள் என்று டிசைன் ஆபீஸிலிருந்து தனியாக அச்சிட்டுக் கொடுத்த பிரதிதான், அதைத் திரும்பக் கேட்க யாருக்கும் தெரியாது. உங்களிடம் யாராவது ஒரு பிரிண்ட் கேட்டால், கட்டுப்பாடற்ற பிரதி என்ற முத்திரையோடும் தேதியோடும் கொடுங்கள், அல்லது டாக்குமெண்ட் கன்ட்ரோலிடம் அனுப்பிவிடுங்கள்.